பேரை எடுத்துவிட்டால் போதுமா?

பிள்ளைகளின் கட்டுரை "ஏஐ எழுதியதா" என்று பார்க்க இணையத்தளங்களில் போடும் ஆசிரியர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பேரையும் பாடசாலையையும் எடுத்துவிட்டுத்தானே போடுகிறோம், பிறகென்ன என்று கேட்கிறீர்கள். எங்கட வன்னியில் அது காணாது.

எனக்குத் தெரிந்த தரம் 10 பிள்ளை ஒருத்தி தன் மாமாவைப் பற்றி எழுதினாள். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர், இன்றுவரை தகவல் இல்லை. 2017இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் அம்மம்மா போய் இருந்தது, அதன்பிறகு வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள் என்ன கேட்டார்கள், எல்லாம் அந்தக் கட்டுரையில் இருந்தது. பேர் மட்டும்தான் இல்லை. ஊர்க்காரர் எவரும் நாலு வரியில் இது எந்த வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டுரை நன்றாக இருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். ஆசிரியர் போனில் படம் எடுத்து எழுத்தாக மாற்றினார். ஏஐ எழுதியதா என்று சோதிக்கும் தளத்துக்குத் தமிழ் சரிவராது என்று ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து, பிறகு அப்படியான இலவசத் தளம் ஒன்றில் ஒட்டினார். அந்த வீட்டின் கதை ஒரே மாலையில் மூன்று நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. தளம் சோதித்தது அவளுடைய எழுத்தையே இல்லை, இயந்திரம் மொழிபெயர்த்ததை. அதற்கு "ஏஐ" என்று முடிவு வந்ததில் என்ன அதிசயம்?

ஒட்டியது அங்கேயே அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். அடுத்து வருபவற்றோடு ஒப்பிடவென்றே கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் சேவைகள் இருக்கின்றன. அப்படி வைத்ததற்காக டேர்னிட்டின் நிறுவனத்தின் மீது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 4 பேர் வழக்குப் போட்டார்கள், 2009இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அது பதிப்புரிமை வழக்கு என்றாலும், போன கட்டுரையைத் திருப்பி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதிலிருந்து விளங்கும். இலவசத் தளமென்றால் யார் நடத்துகிறார்கள், எந்த நாட்டில் வைத்திருக்கிறார்கள் என்பதே பல நேரம் தெரியாது.

சரி, சம்மதம்? அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், புள்ளி போடுகிறவர் கேட்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லுமா? எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர்களின் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது, சம்மதம் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் என்கிறது. அனுமதிப் படிவத்தில் எப்போதோ வைத்த கையெழுத்தை இதற்குக் கணக்கில் எடுக்க முடியாது.

சந்தேகமென்றால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த இடத்தை ஏன் இப்படி எழுதினாய் என்று கேளுங்கள். தானே எழுதியவள் அந்த இடத்தைப் பற்றி எழுதாததையும் சேர்த்துச் சொல்வாள். இல்லையென்றால் வகுப்பிலேயே இன்னொரு பந்தி எழுதச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே போட்டவர்கள் இன்றைக்கே அந்தத் தளத்தில் அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அழிக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள். எந்தத் தளத்தில் என்ன போட்டோம் என்பதைப் பிள்ளையின் தாய்க்கும் சொல்லிவிடுங்கள்.