இனிஷியல் முன்னாலா, பின்னாலா?

என் பி.எஃப் கணக்கில் உள்ள தப்பைத் திருத்தக் கொடுத்த படிவத்தை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: அப்பா பெயர் பதிவோடு பொருந்தவில்லை. முதல் முறை அனுப்பியபோதும் அப்பா பெயர் அதேதான். அப்போதே சொல்லியிருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். ஒரு தடவைக்கு ஒரு குறைதான் சொல்வேன், அடுத்ததை அடுத்த தடவை சொல்கிறேன் என்று யாராவது சத்தியம் செய்து வைத்திருக்கிறார்களா?

கதையை முதலில் இருந்து சொல்கிறேன். 2013இல் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் சேர்ந்தேன். பி.எஃப் படிவத்தை நான் நிரப்பவில்லை, அங்கிருந்த அக்கவுண்டன்ட் அண்ணன்தான் நிரப்பினார். பள்ளிச் சான்றிதழில் இருந்தபடி `S MALARVIZHI` என்று எழுதினார், அதில் தப்பில்லை. பிறந்த தேதியில்தான் கை தவறிவிட்டது. நான் பிறந்தது 06/05/1989, மே ஆறு. அவர் 05/06/1989 என்று ஜூன் ஐந்தாக்கி விட்டார். அடுத்த ஆண்டு, வேலை மாறினாலும் மாறாத பி.எஃப் எண்ணான யு.ஏ.என் வந்தபோது அந்த ஜூன் ஐந்தும் கூடவே வந்தது. நாலே கால் வருடம் சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டே இருந்தது, பிறந்த தேதியைப் பற்றி ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. பணத்தை வாங்கும்போது எந்தப் பொருத்தமும் பார்ப்பதில்லை, கவனித்தீர்களா?

இடையில் கல்யாணம் ஆயிற்று. நம் ஊர் வழக்கப்படி அப்பாவின் இனிஷியல் போய் வீட்டுக்காரரின் இனிஷியல் வந்தது. ஆதாரில் மாற்றினேன், `MALARVIZHI R` ஆனேன். 2018இல் சென்னையில் புது வேலை. பழைய யு.ஏ.என் எண்ணைக் கொடுத்தேன். எச்.ஆரில் இருந்த தம்பி தட்டிப் பார்த்துவிட்டு, "ஆதாரோட சேர மாட்டேங்குது மேடம், புதுசா ஒண்ணு போட்டுர்றேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இன்று வரை அனுபவிக்கிறேன். ஓர் ஆளுக்கு ஒரே எண்தான் இருக்க வேண்டும் என்பதற்காகவே கொண்டு வந்த ஏற்பாட்டில் எனக்கு இரண்டு எண்கள்.

போன வருடம்தான் பழைய கணக்கைப் புது எண்ணுக்கு மாற்ற உட்கார்ந்தேன். பி.எஃப் இணையதளத்தில் புது எண்ணில் உள்ளே போய் `One Member - One EPF Account` என்பதை அழுத்தி, பழைய கணக்கின் எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் மேலே நகரும். எனக்குப் பொருந்தியது பாலினம் மட்டும்.

இந்த இனிஷியல் கொடுமையை நம் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் சொல்ல முடியும். பள்ளிக்கூடத்தில் இனிஷியல் முன்னால். ஆதாரில் பின்னால். பான் கார்டு வாங்கப் போனால் இனிஷியலே கூடாது, விரித்து எழுது என்கிறார்கள். அதனால் அங்கே நான் `MALARVIZHI SELVARAJ`, அப்பா பெயர் என் குடும்பப் பெயராம். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஒவ்வொரு படிவமும் தனக்குத் தோன்றியபடி எழுத வைத்துவிட்டு, கடைசியில் எல்லாம் ஏன் ஒன்றாக இல்லை என்று நம்மையே கேட்டால் எப்படி? வட இந்தியப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு செய்த படிவத்தில் நம் பெயரை மடக்கித் திணித்தால் கை கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

சரி, திருத்திவிடலாம் என்றால் அதற்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று ஒரு கூட்டுப் படிவம். நானும் பழைய முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பதிவில் இருப்பது இது, இருக்க வேண்டியது இது என்று எழுதித் தர வேண்டும். 2025 ஜனவரியில் ஒரு சலுகை வந்தது. 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதாரோடு சேர்த்து வாங்கிய எண்ணாக இருந்தால் இந்தத் திருத்தங்களை நாமே போட்டுக்கொள்ளலாம், முதலாளி வேண்டாம். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் என் புது எண்ணில் திருத்த ஒன்றுமே இல்லை, தப்பெல்லாம் 2014ஆம் வருடத்து எண்ணில். யாருக்குத் தலைவலி அதிகமோ அவர்களுக்கு மாத்திரை இல்லை.

பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரை நீட்டினேன். செல்லாதாம். 2024 ஜனவரியிலேயே பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதாவது, என் பதிவு ஆதாரில் உள்ள தேதியோடு பொருந்தியே ஆக வேண்டும், ஆனால் அந்தத் தேதி சரி என்று சொல்ல ஆதார் போதாது. நல்லவேளை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் மே ஆறு என்றே இருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுவிட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் நிலைமையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

முதல் தடவை, மில்லில் கையெழுத்துப் போட்டவருடைய மாதிரிக் கையெழுத்து அலுவலகத்தில் பதிவாகவில்லை என்று திரும்பி வந்தது. பழைய மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார், புதியவரின் கையெழுத்தை மில் கொடுத்து வைக்கவில்லை. என் தப்பா? இரண்டாவது தடவை, பெயர் மாறியதற்குச் சான்று இல்லையாம், திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் சென்னையில் இருந்து கோவைக்கு ஒரு நாள் விடுப்பு, மில் வாசலில் ஒரு மணி நேரம். "இன்னும் அந்தக் காசு வரலையா கண்ணு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. மூன்றாவதுதான் இப்போது. பழைய பதிவில் அப்பா பெயர் `SELVARAJU`, நான் எழுதியது `SELVARAJ`. ஒரு `U`. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார், அவரே இரண்டு விதமாகவும் கையெழுத்துப் போடுவார்.

எரிச்சலில் ஒருநாள், பேசாமல் பழைய பணத்தை எடுத்துத் தொலைத்துவிடுகிறேன் என்றேன். கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தடுத்தார். எடுக்கவும் அதே பொருத்தம்தான் வேண்டும் என்பது ஒரு பக்கம். அவர் கணக்குப் போட்டுக் காட்டியது வேறு. பி.எஃப் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருட சேவை வேண்டும். எனக்கு அங்கே நாலே கால், இங்கே ஏழு. சேர்த்தால் பதினொன்றைத் தாண்டும், 58 வயதில் மாதா மாதம் ஓய்வூதியம். பழையதில் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த நாலே கால் வருடம் போனது போனதுதான். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி வேறு. சும்மா கிடந்தாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, பணம் எங்கும் ஓடிவிடாது, பொறு என்றார். இரண்டு லட்சத்துச் சொச்சம். என் பணம், என் பெயரில்லாத ஒருத்தியின் பெயரில்.

இன்னொன்றும் சொன்னார். மாற்றம் முடிந்ததும் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பழைய தொகை வராது, அலறாதே, அங்கே போவது பணமல்ல, சேவைக் காலம்தான். `Annexure K` என்ற தாளை இறக்கி, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியா என்று பார் என்றார். அக்கா, அந்தத் தாளைப் பார்க்கும் பாக்கியம் முதலில் கிடைக்கட்டும்.

மாதா மாதம் 27ஆம் தேதி குறைகேட்பு முகாம் நடத்துகிறார்கள். இந்த மாதம் போகிறேன். மதிப்பெண் பட்டியல், திருமணச் சான்றிதழ், பான், ஆதார் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்தாயிற்று. செல்வராஜும் செல்வராஜுவும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வாங்கிவிட்டேன். அதில் என் பெயரை எப்படிப் போடுவது என்று நோட்டரி கேட்டார். இனிஷியல் முன்னாலா, பின்னாலா?