தொலைபேசி எண்ணை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா?

உறுப்பினர் எண், தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, ரசீது எண். இவற்றை யாரும் கூட்டுவதில்லை, சராசரி பார்ப்பதுமில்லை. ஆனால் எக்செல் கண்ணில் நாலு இலக்கம் பட்டால் போதும், அதைக் கணக்கு போடும் எண்ணாக மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பல பதிப்புகளில் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதைப் பயனருக்குச் செய்யும் வசதி என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை.

சேதத்தில் பெரும்பகுதி ஒரே வழியில்தான் வருகிறது. யாரோ ஒருவர் சிஎஸ்வி கோப்பை, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை, இருமுறை கிளிக் செய்து எக்செலில் திறக்கிறார். எங்கோ ஒரு பெயரில் இருக்கும் எழுத்துப்பிழையைத் திருத்துகிறார். சேமித்து அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார். அவர் தொட்டது ஒரு கட்டத்தை மட்டும்தான். கோப்பிலோ எல்லா வரிகளும் மாறியிருக்கும். உறுப்பினர் எண், தொலைபேசி, பிரிவு, தொகுதிக் குறியீடு என்று நான்கு பத்திகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோட்பேடில் பார்த்தால், திறப்பதற்கு முன் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
004217,+447700900123,3-4,12E5
```

சேமித்த பிறகு அதே வரி இப்படி ஆகியிருக்கும்:

```
4217,4.47701E+11,03-Apr,1.20E+06
```

முன்னால் இருந்த இரண்டு பூஜ்யங்களும் போய்விட்டன. மூன்றாம் பிரிவின் நான்காம் குழு ஏப்ரல் மூன்றாம் தேதியாகிவிட்டது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அதுவே மார்ச் நான்கு. 12E5 என்ற குறியீட்டில் நடுவில் இருக்கும் E என்ற எழுத்தை எக்செல் பத்தின் அடுக்கு என்று படித்துக்கொண்டு, பன்னிரண்டு லட்சம் என்று கணக்குப் போட்டுவிட்டது.

இவற்றுள் ஆபத்தானது தொலைபேசி எண்தான். திறந்தவுடன் கூட்டல் குறி மட்டுமே போகிறது. பன்னிரண்டு இலக்கங்களும் உள்ளே பத்திரமாகவே இருக்கின்றன. திரையில்தான் 4.47701E+11 என்று சுருக்கமாகத் தெரிகிறது. ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே இருப்பதை எழுதுவதில்லை, திரையில் தெரிவதை எழுதுகிறது. அந்தக் கோப்பை மறுபடி திறந்து பத்தியை அகலப்படுத்தினாலும், வடிவமைப்பை மாற்றினாலும், கிடைப்பது 447701000000 மட்டுமே. பக்கத்துப் பக்கத்து எண் வைத்திருந்த இருபது பேருக்கும் இப்போது ஒரே எண். பதினாறு இலக்க ரசீது எண் என்றால் சேமிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். எக்செல் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை என்பதால், திறந்த கணமே கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். நல்லவேளையாக, சேமிக்காத வரை வட்டில் இருக்கும் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முறையாகத் திறப்பதே நல்லது.

"மேற்கோள் குறிக்குள் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று ஒரு யோசனையை அடிக்கடி கேட்கிறேன். சரியாகாது. சிஎஸ்வியில் மேற்கோள் குறி பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருப்பது எழுத்து என்று சொல்வதில்லை. `"004217"` என்று எழுதினாலும் எக்செல் 4217 என்றே படிக்கும். `="004217"` என்று எழுதினால் எக்செல் ஏமாறும்தான். ஆனால் அதே கோப்பை வேறு மென்பொருள் படிக்கும்போது அந்தச் சமக்குறியும் தரவோடு ஒட்டிக்கொண்டு வரும். ஓர் ஊனத்தை மறைக்க இன்னோர் ஊனம். எனக்குப் பிடிக்காத தந்திரம்.

பூஜ்யம் போன பிறகு பத்தியை `Text` என்று மாற்றுவதும் வீண்தான். அது இனி தட்டப்போவதற்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே 4217 ஆனது 4217 ஆகவே இருக்கும். எல்லா எண்களும் ஆறு இலக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் `=TEXT(A2,"000000")` என்று எழுதி மீட்கலாம். சில எண்கள் ஐந்து இலக்கம், சில ஆறு என்றால் எதற்கு எத்தனை பூஜ்யம் என்று யாராலும் சொல்ல முடியாது. தேதியான குறியீட்டின் கதையும் அதுதான்: 3-4, 03-04, 3/4 எல்லாம் ஒரே தேதியாகிவிட்ட பிறகு எது எதுவாக இருந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

முறையாகத் திறப்பது கடினமில்லை. காலியான ஒரு கோப்பில் `Data` பட்டிக்குப் போய் `From Text/CSV` வழியாகக் கோப்பைக் கொண்டுவர வேண்டும். முன்னோட்டத்தில் `Data Type Detection` என்ற இடத்தில் `Do not detect data types` என்பதைத் தேர்ந்தால் எல்லாப் பத்திகளும் எழுத்தாகவே வரும். கூட்ட வேண்டிய பத்தி இருந்தால் அதை மட்டும் பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். `Transform Data` வழியாகப் போகிறவர்கள் ஓரிடத்தில் தவறாமல் இடறுகிறார்கள். அங்கே `Changed Type` என்ற படி தானாகவே சேர்ந்திருக்கும். பூஜ்யத்தைத் தின்பது அதுதான். பத்தியை `Text` ஆக்கும்போது பழைய படியை மாற்றவா, புதிதாகச் சேர்க்கவா என்று கேட்கும். `Replace current` என்று சொல்ல வேண்டும். புதிய படியாகச் சேர்த்தால், பூஜ்யம் போன எண்தான் எழுத்தாக மாறும். கூகுள் ஷீட்ஸில் இறக்குமதி செய்யும்போது எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் தேர்வை நீக்கிவிட்டால் போதும்.

எழுத்தாகவே பத்திரமாக வந்த பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. இரட்டைப் பதிவு தேட எல்லாரும் `COUNTIF` எழுதுகிறோம். அது எழுத்தையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். அதனால் 004217, 4217 இரண்டும் அதற்கு ஒன்றே. கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் பதினாறு இலக்க ரசீதுகளும் ஒன்றே. இதை நம்பி ஒரு வரியை நீக்கினால், அது வேறொருவருடைய வரி. `=SUMPRODUCT(--(A$2:A$500=A2))` என்று எழுதினால் உள்ளது உள்ளபடி ஒப்பிடும்.

மரபணு ஆய்வாளர்கள் பட்ட பாடு தனிக்கதை. MARCH1, SEPT2 போன்ற மரபணுப் பெயர்கள் எக்செலில் தேதியாகிக்கொண்டே இருந்தன. மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் பணிந்தது யார் தெரியுமா? அறிவியல். 2020இல் அந்தப் பெயர்கள் MARCHF1, SEPTIN2 என்று மாற்றப்பட்டன. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல்தான் எக்செலில் கொண்டுவந்தது. அதுவும் `File`, `Options`, `Data` என்று தேடிப் போய் நாமே குறிகளை நீக்க வேண்டும். நீக்கினால் பூஜ்யமும் பதினைந்து இலக்கத்தைத் தாண்டிய எண்ணும் E உள்ள குறியீடும் தப்பும். 3-4 அப்போதும் தேதியாகலாம். தேதிக்கான காவல் இடையில் கோடு இல்லாத MARCH1 வகைக்குத்தான். அந்த அமைப்பும் உங்கள் எக்செலோடு நின்றுவிடும், கோப்போடு கூடப் போகாது.

ஆகவே, கோப்பைப் பெறுபவர் இருமுறை கிளிக் செய்துதான் திறப்பார் என்று தெரிந்தால், நான் சிஎஸ்வி அனுப்புவதே இல்லை. குறியீட்டுப் பத்திகளை எழுத்தாக வைத்து எக்செல்எஸ்எக்ஸ் கோப்பாகவே கொடுத்துவிடுகிறேன். கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் வரும், "எண் எழுத்தாக இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்கும். தொட வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.