குடும்பப் படத்தில் முகத்தோடு சேர்ந்து போகிறவை

2025 மார்ச் இறுதியில் சாட்ஜிபிடியில் படம் வரையும் புதிய வசதி வந்தபோது, வீட்டுக்கு வீடு ஜிப்லி பாணி ஓவியங்கள் முளைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளின் ஜெமினியைக் கொண்டு உருவாக்கிய புடவைப் படங்கள் ஓர் அலையாக எழுந்தன. முழுக்கை உடையில் எடுத்த படத்தைக் கொடுத்த ஒரு பெண், வெளிவந்த படத்தில் தன் கையில் உண்மையிலேயே இருக்கும் மச்சம் தெரிந்ததாகச் சொன்னதும், அது தற்செயலா இல்லையா என்ற விவாதம் பல நாள் ஓடியது. இரண்டு அலைகளிலும் நம் பேச்சு முகத்தையும் உடலையும் சுற்றியே நின்றது. அந்த அச்சம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், பெயரில்லாத ஒரு முகம் அந்நியருக்குத் தருவது மிகக் குறைவு. அந்த முகத்தோடு பெயர், வயது, பள்ளி, தெரு ஆகியவை ஒரே இடத்தில் சேரும்போதுதான் அது ஒரு குறிப்பிட்ட வீட்டின் குறிப்பிட்ட குழந்தையாகிறது. நாம் கவலைப்பட வேண்டியது இந்தச் சேர்க்கையைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

இதற்கு நல்ல சான்று 2024இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட ஆய்வு. படம் உருவாக்கும் ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட லயான்-5பி என்ற தொகுப்பில் சுமார் 585 கோடி படங்களின் இணைப்புகளும் அவற்றுக்கான விளக்கங்களும் இருந்தன. அதில் 0.0001 சதவீதத்துக்கும் குறைவான பகுதியை மட்டுமே பார்த்தவர்கள், அந்தச் சிறு துணுக்கிலேயே பிரேசில் நாட்டுக் குழந்தைகள் 170 பேரின் படங்களையும், ஆஸ்திரேலியக் குழந்தைகள் 190 பேரின் படங்களையும் கண்டார்கள். ஒரு படத்தில், மூன்றும் நான்கும் வயதான இரண்டு சிறுவர்கள் வண்ணச் சுவரோவியத்தின் முன்னால் தூரிகையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தோடு இருந்த விளக்கத்தில் இருவரின் முழுப்பெயர், வயது, பெர்த் நகரில் அவர்கள் படித்த மழலையர் பள்ளியின் பெயர் எல்லாம் இருந்தன. இவை யாரும் ஏஐ சேவைக்குக் கொடுத்த படங்கள் அல்ல; இணையத்திலிருந்து அள்ளப்பட்டவை. என்றாலும் இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது: அந்தச் சிறுவர்களை அடையாளம் காட்டியது அவர்களுடைய சிரிப்பு அல்ல, பக்கத்தில் இருந்த ஒரு வரி எழுத்து.

ஏஐ சேவையில் அந்த ஒரு வரியை நாமே தட்டச்சு செய்து கொடுக்கிறோம். "இது என் மகள், பெயர் இன்னது, ஏழாம் வகுப்பு, நாளை பிறந்தநாள், இளவரசி போல வரைந்து கொடு" என்று எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். படம் வரைய அந்தப் பெயரும் வகுப்பும் எவ்விதத்திலும் தேவையில்லை. எழுதுகிறவரின் மின்னஞ்சலும், பல நேரங்களில் கைபேசி எண்ணும் அந்தக் கணக்கில் ஏற்கெனவே இருப்பதால், முகமும் பெயரும் பெற்றோரும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

படத்தின் பின்னணி இதைவிடக் கூடுதலாகப் பேசும். திருநெல்வேலியில் இருக்கும் என் சித்தி மகன், பொங்கலன்று வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படத்தை ஓவியமாக்கித் தர வேண்டும் என்று எனக்கு அனுப்பினான். பொங்கல் பானையைச் சுற்றிப் பதினொரு பேர். முகங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற ஸ்கூட்டரின் TN 72 எண்பலகை முழுதாகத் தெரிந்தது. மின்மீட்டர் பெட்டியின் மேல் இணைப்பு எண்ணை வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். திறந்திருந்த கதவின் வழியே தெரிந்த நாள்காட்டியில் தெருமுனை மளிகைக் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. தேதியும் கிழித்த தாளில் துல்லியமாக நின்றது. சின்னவன் அணிந்திருந்த விளையாட்டுச் சட்டையில் பள்ளியின் பெயர். ஜன்னல் விளிம்பில் இன்சுலின் பெட்டி, அது யாருடையது என்பது குடும்பத்துக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர், தாம் படத்தில் இருப்பதே தெரியாமல், மதில் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவற்றில் எதுவும் தனியாக ரகசியம் அல்ல. தெருவில் போகிறவர் யாரும் பார்க்கக்கூடியவைதான். ஆனால் தெருவில் போகிறவர் எல்லாவற்றையும் ஒருசேரக் குறித்துக்கொண்டு போவதில்லை. "கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வரும் மோசடிக் குறுஞ்செய்தி நம் எல்லோருக்கும் பழக்கமானது. அதில் நம் வீட்டு இணைப்பு எண்ணும் சரியாக இருந்தால் எத்தனை பேர் சந்தேகப்படுவார்கள்? இந்தப் படம் அப்படிப்பட்டவர் கைக்குப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஓவியத்தில் எப்படியும் மங்கிப் போகப்போகிற விவரங்களை எதற்காகத் துல்லியமாக அனுப்ப வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத பின்னணியும் ஒன்று உண்டு. கைபேசியில் லொக்கேஷன் அனுமதி இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், கைபேசியின் மாடல் ஆகியவை எக்சிஃப் என்ற பகுதியாகப் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகின்றன. திறந்தவெளியில் அந்த இடக்குறிப்பு சில மீட்டர் துல்லியத்தில் வீட்டையே காட்டிவிடும். மெக்காஃபி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி, 2012இல் தலைமறைவாக இருந்தபோது, அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளியானதே, ஒரு பத்திரிகை வெளியிட்ட கைபேசிப் படத்தில் இந்தக் குறிப்பு நீக்கப்படாமல் இருந்ததால்தான்.

"எல்லாப் படமும் ஏற்கெனவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கிறதே, இனி மறைக்க என்ன இருக்கிறது?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். ஆனால் வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது, எக்சிஃப் குறிப்புகள் நீக்கப்படுகின்றன, ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைகிறது, பார்ப்பவர்களும் நமக்குத் தெரிந்தவர்கள். தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அந்தக் குறிப்புகள் அப்படியே போகும். சித்தி மகன் எனக்கு அப்படித்தான் அனுப்பியிருந்தான். ஏஐ சேவையிலும் படம் நன்றாக வர வேண்டும் என்று மூலக் கோப்பைத்தான் ஏற்றுகிறோம்.

ஏற்றிய பிறகு என்ன ஆகிறது என்பது சேவைக்குச் சேவை மாறும். சாட்ஜிபிடியின் அமைப்புகளில் Improve the model for everyone என்ற பொத்தான் இருக்கிறது. தனிநபர் கணக்குகளில் அதை நாம் அணைக்காதவரை உரையாடல்கள் பயிற்சிக்குப் பயன்படலாம். உரையாடலை அழித்தால் 30 நாட்களுக்குள் நீக்கிவிடுவோம் என்பது அவர்களுடைய பொதுவான வாக்கு. ஆனால் சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்தின் மேல் நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கும்படி உத்தரவிட்டது; அது செப்டம்பர் வரை நீடித்தது. நிறுவனம் மனப்பூர்வமாகக் கொடுத்த வாக்கும் இப்படி வெளியிலிருந்து வரும் ஓர் உத்தரவால் மாறக்கூடும். ஜெமினியில், மனிதப் பரிசீலகர்கள் பார்த்த உரையாடல்கள் நாம் அழித்த பிறகும் மூன்று ஆண்டுகள் வரை கணக்கோடு தொடர்பில்லாமல் வைத்திருக்கப்படலாம் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே பொத்தான்களை அணைப்பது நல்லதுதான், நானும் அணைத்து வைத்திருக்கிறேன். ஆனால் அனுப்பாத விவரத்துக்கு எந்தப் பொத்தானும் தேவைப்படாது.

எனவே வேலையைக் கைபேசியிலேயே, ஏற்றுவதற்கு முன் முடிக்க வேண்டும். பொங்கல் படத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் படத்தை வெட்டினேன். ஸ்கூட்டர், மதில், கதவு மூன்றும் வெளியே போயின, பக்கத்து வீட்டுப் பெண்மணியும் போய்விட்டார். மீட்டர் பெட்டி நடுவில் இருந்ததால் அதையும் சட்டையில் இருந்த பள்ளிப் பெயரையும் கெட்டியான கறுப்பால் மூடினேன். மங்கலாக்குவதையும் கட்டம் கட்டமாக்குவதையும் நான் நம்புவதில்லை. அப்படி மறைத்த எழுத்துகளை மீட்டெடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. கைபேசியில் இருக்கும் ஹைலைட்டரைக் கறுப்பாக்கித் தேய்ப்பதும் போதாது, அது ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து மேலெழும். அதன்பின், திருத்திய படத்தைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை மட்டும் ஏற்றினேன். ஸ்கிரீன்ஷாட்டில் பழைய கோப்பின் இடக்குறிப்பு வராது, வெட்டிய பகுதியும் கோப்புக்குள் ஒளிந்து வராது. இரண்டாவது சொன்னது வெறும் கற்பனை அச்சம் அல்ல: கூகுள் பிக்சல் கைபேசிகளின் திருத்தும் கருவியில் வெட்டிய பகுதி கோப்பின் வாலில் அப்படியே மிஞ்சியிருந்த பிழை 2023 மார்ச்சில் வெளிவந்தது. சரிசெய்யப்பட்டாலும், அதற்கு முன் வெட்டிப் பகிர்ந்த படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. எழுதிய குறிப்பில் யார் பெயரும் இல்லை. "பொங்கல் வைக்கும் ஒரு குடும்பம், நீர்வண்ண ஓவியம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஓவியம் நன்றாகவே வந்தது.

இனி முகங்கள். இதில் எந்தக் கத்தரியும் உதவாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் தரவைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கடமை நிறுவனத்தின் மேல்தான் விழும். சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தனிநபர் தரவைக் கையாளுவதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மாமாவின் பேத்தியை நான் ஓவியமாக்க நினைத்தால் என் கையைப் பிடிக்கச் சட்டம் வராது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் குடும்பக் குழுவில் கேட்டேன். பெரியவர்களில் பலர் "இதுக்கெல்லாமா கேட்பே?" என்றார்கள். அத்தை மட்டும் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. குழந்தைகளைப் பற்றி அவர்களின் பெற்றோர் சரி என்றாலும் நான் தயங்கினேன், ஏனெனில் பத்து ஆண்டு கழித்து அந்த முகத்தோடு நடமாடப்போவது பெற்றோர் அல்லர். மறைந்த தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சீராக்குவதில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படத்துக்கும் ஒரே விதி வைத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைசியில் அத்தையையும் மூன்று குழந்தைகளையும் நீக்கிய படத்தைத்தான் ஏற்றினேன். குழந்தைகளை ஓவியத்தில் சேர்க்க வேண்டும் என்று சித்தி மகன் பிடிவாதம் பிடித்ததால், அவர்களை முதுகுப் பக்கமாக, பானையைப் பார்த்து நிற்பதுபோல வரையச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.