படிப்பு இடைவெளியும் யு.கே. விசா நேர்காணலும்

"ரெண்டு வருஷத்துக்கு மேல கேப் இருந்தா யு.கே. ஸ்டூடண்ட் விசா கிடைக்காது. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஒண்ணு ரெடி பண்ணிக்கோங்க" என்று யாராவது உங்களிடம் சொல்லலாம்.

தவறு. குடிவரவு விதிகளில் அப்படி ஆண்டு வரம்பு இல்லை. உண்மையான மாணவர்தானா என்றுதான் அதிகாரி பார்க்கிறார். பொய்ச் சான்றிதழ்தான் பெரிய ஆபத்து: சிக்கினால் விசா மறுப்போடு 10 ஆண்டுத் தடையும் வரலாம்.

2021இல் மெக்கானிக்கல் முடித்தவர் சப்ளை செயின் முதுகலைக்குப் போகிறார் என்று வையுங்கள். நேர்காணலில் ஏன் இந்த இடைவெளி, ஏன் இந்தப் படிப்பு என்று கேட்கும்போது "ஆர்வம் வந்தது" என்றால் அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவார். "2022 வரை அப்பாவின் சிகிச்சையைக் கவனித்தேன். அப்புறம் மாமாவின் உதிரிபாகக் கடையில் சரக்கிருப்பைப் பார்த்தேன். எது எப்போது தீரும் என்று கணிக்கத் தெரியவில்லை, இந்தப் படிப்பில் அதற்கே ஒரு பாடம் இருக்கிறது" என்றால் இடைவெளியே காரணமாகிவிடுகிறது. சரி, சம்பளச் சீட்டு இல்லையா? இல்லை என்றே சொல்லுங்கள். தேதிகள் மட்டும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும்.