ஐந்து திங்கட்கிழமைகள்: ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதிய கதை

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 2024 செப்டெம்பரில் எங்கள் களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒரு தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத வேண்டி வந்தது. திரும்பத் திரும்ப வேலைக்கு வராமல் நின்றதுதான் காரணம். இப்படிக் கடிதம் எழுதுவதைப் பலர் ஐந்து நிமிட வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் தேவைப்பட்டது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

முதலில் அலுவலகத்திலிருந்து ஒரு மாதிரிக் கடிதம் தந்தார்கள். "நீர் அடிக்கடி வேலைக்குச் சமூகமளிப்பதில்லை. இது பொறுப்பற்ற செயல். இனியும் தொடர்ந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." மூன்று வரி, அவ்வளவுதான். இதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு இடத்தில் வேலை செய்தபோது, இதே மாதிரி மூன்று கடிதம் கொடுத்து ஒருவரை நிறுத்தினோம். அவர் தொழில் நியாய சபைக்குப் போனார். நான் சாட்சி. "அடிக்கடி என்றால் எந்தெந்த நாள்?" என்று அவருடைய சட்டத்தரணி கேட்டார். என்னால் ஒரு திகதிகூடச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் உண்மையிலேயே ஒழுங்காக வராதவர். ஆனால் அதைக் காட்ட எங்கள் கையில் ஒன்றுமே இருக்கவில்லை.

அதனால் இந்த முறை திகதிகளில் இருந்து தொடங்கினேன். கைரேகை மெஷினின் பதிவை எடுத்துத் தந்த கிளார்க், ஜூலை தொடக்கம் ஒன்பது நாள் வரவில்லை என்றார். நான் ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். ஓகஸ்ட் 19ஆம் திகதி நிக்கினிப் போயா. அன்று கடையே பூட்டு. மெஷினில் விடுமுறை நாட்களை ஏற்றாததால் அன்று எல்லோருக்குமே வரவில்லை என்றுதான் விழுந்திருந்தது. அதை வெட்டினேன். ஜூலை 15, 16 இரண்டு நாளும் காய்ச்சல். வைத்தியச் சான்றிதழ் கோவையிலேயே இருந்தது. அவையும் போயின. ஜூலை 29 காலை ஏழு மணிக்கே சூப்பர்வைசருக்கு வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசரும் "சரி" என்று பதில் போட்டிருக்கிறார். பிறகு அதை மறந்துவிட்டார். அதையும் எடுத்தேன்.

மிஞ்சியது ஐந்து நாள். ஜூலை 1, ஓகஸ்ட் 5, 12, 26, செப்டெம்பர் 2. ஐந்தும் திங்கட்கிழமை! ஒன்பது நாளாகக் கலந்து கிடந்தபோது இது என் கண்ணில் படவே இல்லை. பிழையானவற்றைக் கழித்தால் குற்றச்சாட்டு பலவீனமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆனால் மிஞ்சிய அந்த ஐந்து நாளையும் யாராலும் மறுக்க முடியாது. ஒன்பது நாளும் எழுதியிருந்தால், போயா நாளைக் காட்டியே முழுக் கடிதத்தையும் தள்ளிவிடலாம்.

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெசுவல். சுகமில்லாமல் நிற்பதும் அந்த 7 நாளுக்குள்ளேயே வரும். இந்தத் தம்பியின் 7 நாளும் ஜூனிலேயே முடிந்துவிட்டது. ஆகவே அந்த ஐந்து நாளுக்கும் சம்பளம் வெட்டப்பட்டிருந்தது. சம்பளச் சீட்டில் அது "நோ பே லீவு" என்று இருந்தது. அந்த லீவு என்ற சொல்தான் சிக்கல். லீவு என்றால் யாரோ அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அனுமதி கொடுத்த நாளுக்கு எப்படி எச்சரிக்கை கொடுப்பது? விசாரித்ததில் யாரும் அனுமதி கொடுக்கவில்லை, மென்பொருளில் இருந்த ஒரே தெரிவு அதுதான். அதை "அறிவிக்காமல் வராத நாள்" என்று மாற்றச் சொன்னேன். பழைய சீட்டு எப்படி அச்சானது என்பதையும் ஒளிக்காமல் கோவையில் குறித்து வைத்தேன்.

செப்டெம்பர் 4ஆம் திகதி கொடுத்தது எச்சரிக்கை அல்ல, விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ஐந்து திகதிகளையும் எழுதி, மூன்று நாளில் பதில் கேட்டேன். தமிழிலேயே எழுதினேன். எங்கள் கடிதங்கள் வழமையாக ஆங்கிலத்தில்தான் போகும். வாசிக்கத் தெரியாத மொழியில் ஒருவரை எச்சரிப்பது எச்சரிக்கையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஏழாம் திகதி அரைப் பக்கத்தில் பதில் எழுதித் தந்தார். ஒன்பதாம் திகதி கூப்பிட்டுக் கதைத்தேன். சூப்பர்வைசரும் இருந்தார்.

"சேர், சம்பளம் வெட்டியாச்சுதானே. பிறகு ஏன் கடிதம்?" என்றுதான் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. "தம்பி, செய்யாத வேலைக்குச் சம்பளம் இல்லை, அது தண்டனை கிடையாது. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியாமல் லொறியை ஒன்பது மணிவரை நிறுத்தி வைத்தோமே, கடிதம் அதுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். ஹட்டனில் மனைவி கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறார். சனி பின்னேரம் போனால், ஞாயிறு இரவு விட்டுவிட்டு வர முடிவதில்லை.

காரணம் உண்மை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் கடிதத்தை நிறுத்தவில்லை. வராமல் நின்றதற்குக் காரணம் இருந்தது, ஒரு கோல்கூட எடுக்காமல் இருந்ததற்குக் காரணம் இருக்கவில்லை. சனிக்கிழமை இருந்த அரை நாளைத் திங்கட்கிழமைக்கு மாற்றினோம். சனி முழு நாள் வேலை, திங்கள் பின்னேரம் ஒரு மணிக்கு வந்தால் போதும். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை என்ற கணக்கும் குறையவில்லை. விடியக்காலை பஸ் எடுத்தால் ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்துவிடலாம்.

செப்டெம்பர் 11ஆம் திகதி கொடுத்த கடிதத்தின் நடுப்பகுதி இது:

"மேற்படி ஐந்து தினங்களிலும் நீங்கள் அறிவிக்காமல் வேலைக்கு வரவில்லை. உங்கள் 07.09.2024 திகதிய விளக்கத்தை வாசித்தோம். குடும்ப நிலைமையை ஏற்றுக்கொள்கிறோம், அறிவிக்காமல் இருந்ததை ஏற்றுக்கொள்ளவில்லை. இனி வர முடியாத நாளில் காலை 7.30க்கு முன் களஞ்சிய முகாமையாளருக்கோ சூப்பர்வைசருக்கோ தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். 11.12.2024 வரை மீண்டும் அறிவிக்காமல் நின்றால் ஒழுக்காற்று விசாரணை நடத்தப்படும். இக்கடிதத்தில் பிழை இருப்பதாகக் கருதினால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம்."

பொறுப்பற்றவர், சோம்பேறி போன்ற சொல் ஒன்றும் இல்லை. வேலைநீக்கம் என்றும் எழுதவில்லை. அது விசாரணைக்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவு. அதை முன்கூட்டியே எழுதினால், விசாரணை வெறும் கண்துடைப்பு என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கையெழுத்துப் போடத் தயங்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற பயம். அடியில் "கடிதத்தின் பிரதி கிடைத்தது" என்று மட்டும் இருப்பதைக் காட்டினேன். போட்டார். மறுத்திருந்தால் வற்புறுத்தியிருக்க மாட்டேன். மறுத்ததை சூப்பர்வைசர் முன்னால் குறித்து, பிரதியை அவருடைய கொழும்பு முகவரிக்கும் ஹட்டன் முகவரிக்கும் பதிவுத் தபாலில் போட்டிருப்பேன்.

மூன்று மாதத்தில் ஒரு நாள் வரவில்லை. அன்று காலை 6.40க்கே கோல் எடுத்தார், பிள்ளைக்குச் சுகமில்லை என்று. டிசம்பர் 11ஆம் திகதி அவரைக் கூப்பிட்டு, கடிதத்தின் கோவைப் பிரதியின் அடியிலே அவர் முன்னாலேயே எழுதினேன்: "ஒரு நாள் வரவில்லை, முன்கூட்டியே அறிவித்தார். மேலதிக நடவடிக்கை இல்லை." அதன் கீழேயும் அவர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை தயங்கவில்லை.