ஸ்விட்ச் ஐபியைப் பார்க்காது. இதைச் சொன்னதற்குத்தான் இவ்வளவு பேச்சு

ஞாயிற்றுக்கிழமை குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்றில் குடோன் பில்லிங் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். குழுவில் மூத்தவர் ஒருவர் "ஐபியை மாத்திப் பாரு, ஸ்விட்சுக்கு அந்த ஐபி ஒத்துக்கல" என்றார். ஸ்விட்ச் ஐபியைப் பார்ப்பதே இல்லை சார் என்று மரியாதையாகத்தான் எழுதினேன். அதற்கு வந்த பதில்: "இன்னாபா, டிப்ளமா படிச்சிட்டு எங்களுக்கே பாடமா?" கீழே முப்பது சிரிப்புப் பொம்மைகள்.

சரி, அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

ஒரு ஈதர்நெட் ஃப்ரேம் கம்பியில் வரும்போது முதலில் வருவது பிரீயாம்பிள். 10101010 என்று 7 பைட், அப்புறம் 10101011 என்று ஒரு பைட். ஃப்ரேம் வருகிறது, தயாராக இரு என்று எதிர்முனைக்குச் சொல்ல அது போதும். கடைசி இரண்டு ஒன்றுகள் வந்ததும் உண்மையான ஃப்ரேம் ஆரம்பம். இந்த 8 பைட்டைப் போர்ட்டிலேயே கழற்றிப் போட்டுவிடுவார்கள். வயர்ஷார்க்கில் தேடினாலும் கிடைக்காது.

அதற்கு அடுத்த 6 பைட் யாருக்குப் போக வேண்டும் என்கிற மேக் அட்ரஸ். அதற்கு அடுத்த 6 பைட் யார் அனுப்பினார் என்கிற மேக் அட்ரஸ். பிறகு 2 பைட்டில் உள்ளே என்ன வகைச் சரக்கு என்பது. பிறகு சரக்கு, குறைந்தது 46 பைட், அதிகம் போனால் 1500. கடைசியில் 4 பைட் செக்சம். ஐபி அட்ரஸ் எங்கே இருக்கிறது? சரக்குக்குள்ளே. ஸ்விட்ச் அந்தச் சரக்கைப் பிரிப்பதில்லை.

அது படிப்பது இவ்வளவுதான். அனுப்பியவரின் மேக்கைப் பார்த்து, "இந்த ஆள் இந்தப் போர்ட்டில் இருக்கிறார்" என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். போக வேண்டிய மேக்கை அதே அட்டவணையில் தேடும். இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும், இல்லையென்றால் வந்த போர்ட்டைத் தவிர எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். வகை எண்ணின் இடத்தில் 0x8100 இருந்தால் அடுத்து வருவது வீலான் எண் என்று எடுத்துக்கொள்ளும். கடைசியில் செக்சம் சரியா என்று பார்க்கும். 192.168 என்று ஆரம்பிக்கும் எதுவும் இந்த வேலைகளில் எங்கேயும் வரவில்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது காலேஜ் இல்லை. சத்துவாச்சாரியில் நான் வேலை பார்த்த கடையின் அண்ணன். ஒரு நாள் ஒரு துணிக்கடையில் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. ஸ்விட்சில் எல்லா விளக்கும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. துடைக்க வந்த பையன் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதே ஸ்விட்சில் செருகிவிட்டான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அண்ணன் ஃப்ரேமைக் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டி, "இதுல எந்தக் கட்டத்தப் பாத்து இந்த ஃப்ரேம் நிக்கணும், நீயே சொல்லு" என்றார். நான் தேடினேன். அப்படி ஒரு கட்டமே இல்லை. ஐபியில் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண் இருக்கிறது, ஃப்ரேமில் இல்லை. அதனால் எல்லோருக்கும் என்று போன ஒரு ஃப்ரேம் அந்த வளையத்தில் சாகாமல் சுற்றியது. கேபிளைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. ஸ்விட்சுக்கு ஐபியைப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்த எண்ணையும் அல்லவா பார்த்திருக்கும்?

"லேயர் 3 ஸ்விட்ச் ஐபியைப் பார்க்குமே" என்று சிலர் வருவீர்கள். பார்க்கும். அது ரவுட்டர் வேலையையும் சேர்த்துச் செய்யும் பெட்டி. சில ஸ்விட்சுகளில் பாதுகாப்பு விதி எழுதினாலும் உள்ளே எட்டிப் பார்க்கும். ராணிப்பேட்டையில் இருந்தது அது இல்லை, யாரும் எந்த விதியும் எழுதவில்லை. இந்த ஆட்சேபத்துக்கு இவ்வளவு போதும்.

இன்னொரு கேள்வி, அதுதான் என்னைக் குத்தியது: "ஐபியை மாத்தினதும் ஒரு மணி நேரம் நல்லா ஓடிச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

சொல்கிறேன். திங்கட்கிழமை என் சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். முதலில் சாதாரண பிங் 100 தடவை. ஒன்றுக்குப் பதில் வரவில்லை. அப்புறம் பெரிய பிங்:

```
ping -n 100 -l 1472 192.168.1.1
```

17-க்குப் பதில் வரவில்லை. அதே கம்பி, அதே ஐபி. ஏன் இவ்வளவு வித்தியாசம்? சாதாரண பிங்கின் ஃப்ரேம் 78 பைட். பெரியது 1518 பைட், கிட்டத்தட்ட 19 மடங்கு. கம்பியில் எங்கோ ஒரு பிட் கெட்டாலும் செக்சம் ஒத்துப்போகாது, ஸ்விட்ச் முழு ஃப்ரேமையும் தூக்கிப் போட்டுவிடும். யாருக்கும் சொல்லாது. நீளமான ஃப்ரேமில் கெடுவதற்கு இடம் அதிகம், அதனால் நீளமானதே அதிகம் சாகும். ஐபி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சின்னது 99 எப்படிப் போய் வந்தது?

அடுத்து ஸ்விட்சில்:

```
show interfaces gigabitEthernet 1/0/14
```

CRC என்ற இடத்தில், அதாவது செக்சம் ஒத்துப்போகாத ஃப்ரேம்களின் கணக்கில், எண் ஏறிக்கொண்டே இருந்தது. மற்ற போர்ட்டுகளில் 0. இந்த ஸ்விட்ச் ஃப்ரேமை முழுவதும் வாங்கி, செக்சம் பார்த்த பிறகே அனுப்பும் வகை. கெட்டதை அது முன்னே தள்ளாது. அதனால் எண் ஏறும் போர்ட்டிலோ, அதில் செருகியிருக்கும் கேபிளிலோ, அதன் மறுமுனையிலோதான் கோளாறு. மேக் வந்ததும் மீதியைப் பார்க்காமல் அனுப்பிவிடும் கட்-த்ரூ ஸ்விட்சாக இருந்தால் இப்படி ஒரே இடத்தைக் கை காட்ட முடியாது, கெட்ட ஃப்ரேம் அடுத்த ஸ்விட்ச் வரை போய் அங்கேயும் எண்ணை ஏற்றும்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். தோல் ஊற வைக்கும் டிரம்மின் மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் கையால் முறுக்கி ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தது. டிரம் ஓடும்போது எண் ஏறியது, நிறுத்தச் சொன்னதும் நின்றது. ஐபியை மாற்றிய அந்த ஒரு மணி நேரம் எது தெரியுமா? சாப்பாட்டு நேரம். டிரம் நின்றிருந்தது.

என்னை டிப்ளமா என்று சொல்லுங்கள், காட்பாடி பாலிடெக்னிக்காரன் என்று சொல்லுங்கள், அது உண்மைதான். ஆனால் பில்லிங்கில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் இரண்டு வாரமாகச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஐபியை மாற்றி, பிரிண்டர் வேறு நின்றுபோய், மறுபடி எல்லாவற்றையும் போட்டிருக்கிறார். ஸ்விட்ச் ஐபியைப் பார்க்காது என்று நான் சொன்ன அன்றைக்கே யாராவது காது கொடுத்திருந்தால் அவருக்கு அந்தக் கடைசி இரண்டு திட்டாவது விழுந்திருக்காது. சிரிப்புப் பொம்மை போட்ட முப்பது பேரில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

புதுக் கேபிளை எதிர்ச்சுவர் வழியாக இழுத்தோம். `clear counters` கொடுத்தேன். டிரம்மை ஓட விட்டு, பெரிய பிங் 100 தடவை. நூறும் வந்தது. இன்று காலை அந்தப் பெண்ணே போன் செய்து எண்ணைப் படித்துச் சொன்னார், CRC இன்னும் 0. ஐபி அவர்கள் கடைசியாக மாற்றி வைத்த அதே ஐபிதான். நான் தொடவில்லை.