ஒரு வெனிலா காய்க்கு எத்தனை ஸ்பூன் எசன்ஸ்?

போன வாரம் காரைக்காலிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, கஸ்டர்ட் கசக்குது. நீங்க அனுப்பின காய் ஒண்ணுதான் பாக்கி இருக்கு, அதான் எசன்ஸ் ஊத்தினேன்." எவ்வளவு என்று கேட்டேன். அரை லிட்டர் பாலுக்கு மூன்று டீஸ்பூன். ஒரு காய்க்கு மூன்று டீஸ்பூன் என்று எதிலோ படித்தாளாம்.

அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் அது எக்ஸ்ட்ராக்டுக்கான கணக்கு. எக்ஸ்ட்ராக்ட், எசன்ஸ் இரண்டும் ஒன்றுதான் என்று சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அந்தக் குறிப்பை நம்பிப் பாலும் முட்டையும் வாங்கிச் செய்கிற பிள்ளைதான் கடைசியில் எல்லாவற்றையும் கீழே கொட்டுகிறது.

எக்ஸ்ட்ராக்ட் என்பது வெனிலா காயைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய சாறு. அமெரிக்காவில் இதற்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது. சாதாரண எக்ஸ்ட்ராக்ட் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் காய், குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால். அப்படியானால் 5 மில்லி கொள்ளும் ஒரு டீஸ்பூனில் அரை கிராம் காயின் சாரம் இருக்கும். நான் இருக்கும் ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு. இங்கே பிரெஞ்சு பாட்டில்கள் சிலவற்றில் லிட்டருக்கு 200 கிராம், 400 கிராம் என்று போட்டிருக்கும். அமெரிக்கக் குறிப்பில் ஒரு டீஸ்பூன் என்றிருந்தால் 200 கிராம் பாட்டிலில் அரை டீஸ்பூன் போதும், 400 கிராம் பாட்டிலில் கால் டீஸ்பூன் போதும். பாட்டில் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

சரி, காய்க்கு வருவோம். சேந்தாந்த்ரே சந்தையில் நான் வாங்கும் காய் ஒன்று என் தராசில் 3 கிராம் இருக்கிறது. ஒரு டீஸ்பூனுக்கு அரை கிராம் என்றால் ஒரு காய் ஆறு டீஸ்பூனுக்குச் சமமாக வேண்டும். ஆனால் சமையலில் எல்லோரும் சொல்வது இரண்டிலிருந்து மூன்று. காரணம், சாராயம் வாரக்கணக்கில் ஊறி முழுவதையும் இழுத்துவிடுகிறது. நாம் சூடான பாலில் அரை மணி நேரம் போட்டு எடுத்துவிடுகிறோம். மீதி காயிலேயே தங்கிவிடுகிறது. பாலிலிருந்து எடுத்த காயைக் கழுவிக் காயவைத்துச் சர்க்கரை டப்பாவில் புதைத்தால் பத்து நாளில் டப்பா முழுக்க மணக்கும். 1841-இல் பக்கத்து ஊர் சேந்த்-சுசானில் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறையில், இன்றும் ஒவ்வொரு பூவையும் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள். அப்படி விளைந்த காயைப் பாதியில் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

இன்னொன்று, விதை கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால் மணம் அதிகம் என்று நினைக்காதீர்கள். மணம் விதையைச் சுற்றியிருக்கும் பிசுபிசுப்பிலும் தோலிலும்தான் இருக்கிறது. சாறு எடுத்த பிறகு மிஞ்சும் விதையையும் ஐஸ்கிரீமில் தூவுகிறார்கள். அதனால்தான் காயை நீளவாக்கில் கீறி, விதையை வழித்துப் போட்ட பிறகு தோலையும் பாலில் போட வேண்டும்.

எசன்ஸ் விஷயம் வேறு. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை வெனிலின், அதாவது காயின் மணத்தில் முக்கியமான பொருளைத் தொழிற்சாலையில் செய்தது. சிலவற்றில் எத்தில் வெனிலினும் இருக்கும், அது வெனிலினைவிட இரண்டு மூன்று மடங்கு வீரியமானது. பாட்டிலில் காய் எடை எதுவும் இருக்காது, எனவே வகுத்துப் பார்க்க வழியில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும். அளவு மீறினால் நாக்கின் பின்பக்கம் மருந்து மாதிரி கசப்பு தங்கும். அவள் கஸ்டர்டில் நடந்தது அதுதான்.

அவளை இப்படிச் செய்யச் சொன்னேன். மிச்சமிருந்த காயில் பாதியைக் கீறி 250 மில்லி பாலில் போட்டு, சூடாக்கி, அரை மணி நேரம் மூடி வை. அதிலிருந்து 100 மில்லி ஒரு டம்ளர், பக்கத்தில் 100 மில்லி வெறும் பால் ஒரு டம்ளர். இரண்டிலும் ஒரே அளவு சர்க்கரை, ஒரே சூடு. வெறும் பாலில் எசன்ஸை இரண்டிரண்டு சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் கலக்கி நாக்கு நுனியில் மட்டும் வைத்துப் பார். இரண்டும் ஒரே அளவு மணக்கும்போது நிறுத்து.

எட்டாவது சொட்டில் சமமாகிவிட்டது என்றாள். அரை லிட்டருக்கு நாற்பது சொட்டு. அவள் சொட்டுக்குழாயில் இருபது சொட்டு ஒரு மில்லி, ஆக 2 மில்லி, அரை டீஸ்பூனுக்கும் குறைவு. அவள் ஊற்றியிருந்தது 15 மில்லி!

"ஆனா சித்தி, மணம் சமமா இருந்தாலும் காய் போட்ட பால்தான் வாயில நிக்குது" என்றாள். நிற்கத்தான் செய்யும். எசன்ஸ் பெரும்பாலும் வெனிலின் ஒன்றைத்தான் தருகிறது, காயில் வேறு பல மணங்கள் சேர்ந்திருக்கின்றன. சொட்டைக் கூட்டினால் அந்த இடைவெளி நிரம்பாது, கசப்புதான் கூடும். அதனால் கேக், பிஸ்கட்டுக்கு எசன்ஸே போதும், அடுப்புச் சூட்டில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கஸ்டர்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் மீதிப் பாதிக் காயை வைத்துக்கொள் என்றேன்.

அந்த பாட்டிலின் மூடியில் "100 மில்லி பாலுக்கு 8 சொட்டு" என்று எழுதி ஒட்டிவிட்டாளாம். அடுத்த பாட்டில் வேறு கம்பெனி என்றால் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி சொட்டு எண்ண வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.